மடங்கிய தலை

இளம் கால்நடை வைத்தியர் துணையின்றிப் பிரசவம் பார்க்க வந்தது அன்றிரவே முதன் முறை. பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் பசு ஈனவில்லை. கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் தெரிந்தன, மூக்கு தெரியவில்லை. பண்ணையாட்கள் கயிறு கட்டி இழுக்க ஆயத்தமாய் நின்றனர். இவ்விடத்தில் அவசரப்படுவோரே அநேகர்.

"இழுக்க வேண்டாம், தலை இன்னும் மடங்கிவிடும்" என்றார். குரல் சற்றே நடுங்கிற்று.

கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, உள்ளே விட்டுப் பார்த்தார். தலை விலாப்பக்கம் திரும்பிக் கிடந்தது. வாயில் விரலிட, கன்று சப்பிற்று.

முக்கல் ஓய்ந்த வேளைகளில் கன்றின் மார்பைப் பின்னுக்குத் தள்ளி, பற்கள் கருப்பையைக் கிழிக்காதபடி மூக்கை உள்ளங்கையால் பொதிந்து, தலையை நேராக்கினார். அரைமணி சென்றது.

"ஐயா, இப்பொழுது?"

"அது முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி இழுங்கள்."

கன்று வந்தது. மூக்குச் சளியைத் துடைத்து வைக்கோலால் தேய்க்க, கிடேரி தும்மிற்று.