நூற்றில் எத்தனை? பத்து இலட்சத்தில் எத்தனை?

அகத்திய மலையின் அடிவாரத்தில், நெய்யாற்றின் நீர்த்தேக்கத்தை ஒட்டி அமைந்த மலைக்கிராமம் அம்பூரி. இதன் சரிவுகளில் ரப்பர் மரங்கள் செறிந்துள்ளன. விடியற்காலையில் தொழிலாளர்கள் மரப்பட்டையைச் சாய்வாகச் சீவுகின்றனர். வடியும் வெண்ணிறப் பால், மரத்தில் கட்டப்பட்ட கிண்ணத்தில் சேர்கிறது. சில மணி நேரம் கழித்து அப்பாலை வாளிகளில் சேகரித்து விற்பனைக்குக் கொண்டு செல்கின்றனர்.

அங்கே ஒருநாள் நடக்கக்கூடியதைக் கருதுவோம். ஒருவர் 20 கிலோ பால் கொண்டு வருகிறார். மற்றொருவர் கொண்டு வந்ததோ 22 கிலோ. ஆயினும் 20 கிலோ கொண்டு வந்தவருக்கே கூடுதல் பணம் கிடைக்கிறது. எடைக்கல் பொய் சொல்லவில்லை, கணக்கும் தவறவில்லை. பின் காரணம் என்ன?

நிறை விழுக்காடு

ரப்பர் பாலில் பெரும்பகுதி நீரே. அந்நீரில் ரப்பரின் நுண்துகள்கள் மிதக்கின்றன. வாங்குபவர் விலை கொடுப்பது நீருக்கன்று, உலர்ந்த ரப்பருக்கே. எனவே பாலில் ரப்பர் எவ்வளவு உள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பாலை நன்கு கலக்கி, அதிலிருந்து 10 கிராம் எடுத்து, நீர்த்த அமிலம் சேர்த்து உறைய வைக்கின்றனர். உறைந்ததை மெல்லிய தகடாக அழுத்தி, நீரில் கழுவி, எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுக்கின்றனர். முதலாமவரின் பாலில் 3.5 கிராம் ரப்பர் எஞ்சியது எனக் கொள்வோம்.

நிறை விழுக்காடு = (பொருளின் நிறை ÷ கலவையின் மொத்த நிறை) × 100

(3.5 ÷ 10) × 100 = 35 விழுக்காடு. ஆகவே அவருடைய 20 கிலோ பாலில் 7 கிலோ ரப்பர் உள்ளது.

இரண்டாமவரின் கிண்ணங்களில் மழைநீர் விழுந்திருந்தது. அவருடைய 10 கிராம் பாலில் எஞ்சியது 2.8 கிராமே, அதாவது 28 விழுக்காடு. 22 கிலோ பாலில் 6.16 கிலோ ரப்பரே உள்ளது. வாளியின் எடை கூடியது. ரப்பரின் எடை கூடவில்லை.

இங்கே மாணவர் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. கீழே வகுக்க வேண்டியது கலவையின் மொத்த நிறையை. நீரின் நிறையை மட்டுமன்று. 10 கிராம் உப்பை 100 கிராம் நீரில் கரைத்தால் கிடைப்பது 10 விழுக்காட்டுக் கரைசல் அன்று. மொத்த நிறை 110 கிராம்; எனவே (10 ÷ 110) × 100 = ஏறத்தாழ 9.1 விழுக்காடு. 10 விழுக்காடு வேண்டுமெனில் 10 கிராம் உப்புக்கு 90 கிராம் நீரே தேவை.

கனஅளவு விழுக்காடு

பாலை அப்படியே விற்காமல் தாளாக்கி விற்பவரும் உளர். அவர்கள் பாலில் நீர் சேர்த்து 12.5 விழுக்காட்டு அளவுக்கு நீர்க்கச் செய்து, அதில் நீர்த்த ஃபார்மிக் அமிலத்தைக் கலந்து உறைய வைப்பர். அமிலம் நீர்மம், நீரும் நீர்மம். நீர்மங்களை நிறுப்பதைவிட அளவுக்குவளையால் அளப்பது எளிது. ஆகவே இங்குக் கனஅளவு விழுக்காடு பயன்படுகிறது.

கனஅளவு விழுக்காடு = (பொருளின் கனஅளவு ÷ கரைசலின் மொத்தக் கனஅளவு) × 100

கடையில் வாங்கிய அமிலத்திலிருந்து 1 விழுக்காட்டுக் கரைசல் ஒரு லிட்டர் வேண்டுமெனில், குவளையில் பெருமளவு நீரை முதலில் ஊற்றி, அதில் 10 மில்லி லிட்டர் அமிலத்தைச் சேர்த்து, பின்பு மொத்த அளவு ஒரு லிட்டராகும்வரை நீர் ஊற்ற வேண்டும். அமிலம் தோலைப் புண்ணாக்கும். ஆகவே இது பெரியவர்கள் செய்ய வேண்டிய பணி.

மொத்த அளவை ஏன் இவ்வாறு இறுதியில் நிறைவு செய்ய வேண்டும்? எல்லா நீர்மங்களின் கனஅளவும் நேராகக் கூடுவதில்லை. 50 மில்லி லிட்டர் ஆல்கஹாலையும் 50 மில்லி லிட்டர் நீரையும் கலந்தால் 100 மில்லி லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். நிறையோ ஒருபோதும் அவ்வாறு குறைவதில்லை.

மேலும், 10 மில்லி லிட்டர் அமிலம் 10 கிராம் அன்று. சுமார் 12 கிராம். எனவே ஒரே கரைசலுக்கு நிறை விழுக்காடும் கனஅளவு விழுக்காடும் வேறுபடலாம். "1 விழுக்காடு" என்று மட்டும் சொன்னால் போதாது. எவ்வகை விழுக்காடு என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அமிலம் குறைந்தால் பால் முழுமையாக உறையாது. தாளைச் சுற்றி நிற்கும் நீர் வெண்மையாகவே இருக்கும். அந்நீர் தெளிந்திருந்தால் ரப்பர் முழுவதும் உறைந்துவிட்டது என அறியலாம்.

பத்து இலட்சத்தில் ஒரு பகுதி

இனி வீட்டுக் கிணற்றைக் காண்போம். கேரளத்தில் பெரும்பாலான வீடுகளில் கிணறு உண்டு. கிருமிகளை ஒழிக்க அதில் சலவைத்தூள் இடுகின்றனர். 1000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் தூள் என்பது வழக்கமான அளவு. ஆகவே 10,000 லிட்டர் நீருள்ள கிணற்றுக்கு 25 கிராம் தூள் வேண்டும்.

ஆனால் தூள் முழுவதும் குளோரின் அன்று. நல்ல தூளில் கிருமியைக் கொல்லப் பயன்படும் குளோரின் சுமார் 33 விழுக்காடு. எனவே 25 கிராம் தூளில் அது 8.25 கிராம். 10,000 லிட்டர் நீரின் நிறை 10,000 கிலோ. அதாவது ஒரு கோடி கிராம். இதை விழுக்காட்டில் எழுதினால் 0.0000825 என வரும். இத்தனை சுழியங்களில் ஒன்றை விட்டுவிட்டாலும் அளவு பத்து மடங்கு மாறிவிடும். இதனாலேயே நூறுக்குப் பதிலாகப் பத்து இலட்சத்தால் பெருக்குகின்றனர். இவ்வலகு பிபிஎம் எனப்படும்.

(8.25 ÷ 1,00,00,000) × 10,00,000 = 0.825 பிபிஎம்

ஒரு லிட்டர் நீரின் நிறை ஏறத்தாழ ஒரு கிலோ ஆதலால், நீரைப் பொறுத்தவரை 1 பிபிஎம் என்பது லிட்டருக்கு 1 மில்லி கிராம் ஆகும்.

தூளின் நிறையையே குளோரினின் நிறையாக எண்ணினால் 2.5 பிபிஎம் எனத் தவறான விடை வரும். திறந்து வைத்த பழைய தூளில் குளோரின் வெளியேறிவிடும். அதில் 16.5 விழுக்காடே எஞ்சியிருந்தால், அதே 25 கிராம் தூள் பாதிப் பயனையே தரும். இட்டவர் அளவு சரியென்று நம்புவார். கிருமிகளோ சாகாமல் இருக்கக்கூடும். எனவே தூள் இட்டு ஒரு மணி நேரம் கழித்து, நீரில் குளோரின் எஞ்சியுள்ளதா எனச் சோதிக்கின்றனர். குறைந்தது 0.5 பிபிஎம் எஞ்சியிருத்தல் வேண்டும்.

சொல் அறிவோம்

விழுக்காடு – நூற்றில் இத்தனை பங்கு. சதவீதம் என்றும் வழங்கும். மலையாளத்தில் இது 'சதமானம்'. 'சதம்' எனும் சொல் நூறு எனப் பொருள்படும்.
நிறை – பொருளின் அளவு. கிராம், கிலோவில் கூறுவது.
கனஅளவு – பொருள் அடைத்துக்கொள்ளும் இடம், லிட்டரில் கூறுவது.
நீர்த்தல் – நீர் சேர்ந்து செறிவு குறைதல்.

பயிற்சி

1. 35 விழுக்காடு ரப்பர் உள்ள 20 கிலோ பாலை 12.5 விழுக்காடாக நீர்க்கச் செய்ய எத்தனை கிலோ நீர் சேர்க்க வேண்டும்? (குறிப்பு: ரப்பரின் நிறை மாறாது.)
2. 1 விழுக்காடு என்பது எத்தனை பிபிஎம்?
3. 22 கிலோ கொண்டு வந்தவருக்குக் குறைந்த பணம் கிடைத்ததன் காரணத்தை மூன்று தொடர்களில் எழுதுக.