வேட்டித் திரியில் ஏறும் தண்ணீர்

சென்ற கோடையில் ஐந்து நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மொட்டை மாடித் தொட்டியில் கத்தரிச் செடி பூ விட்டிருந்த நேரம். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. இதற்கு அம்மாவிடம் ஒரு வழி உண்டு. வாளியில் தண்ணீர் நிரப்பி, துணித் திரியின் ஒரு முனையை வாளிக்குள் விட்டு, மறு முனையைத் தொட்டி மண்ணில் புதைத்துவிடுவார். நானும் அப்படியே செய்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்து பார்த்தால் வாளித் தண்ணீர் அப்படியே இருந்தது, செடி வாடிச் சாய்ந்திருந்தது. நான் திரியாகக் கிழித்தது புதுத் துண்டு. அம்மா எப்போதும் எடுப்பது பல முறை துவைத்து நைந்துபோன பழைய வேட்டி.

பழைய வேட்டியில் தண்ணீர் ஏறுகிறது, புதுத் துண்டில் ஏறவில்லை. காரணத்தைத் தேடிப் போனால் துணி, மண், செடியின் தண்டு மூன்றும் ஒரே விதியில் வந்து சேர்கின்றன.

விளிம்பில் நடக்கும் இழுப்பு

தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருப்பவை. உள்ளே இருக்கும் மூலக்கூறுக்கு எல்லாப் பக்கமும் சொந்தம் உண்டு. மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே யாரும் இல்லை, பக்கத்திலும் கீழும்தான் உண்டு. அதனால் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். இதைத்தான் பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்தோம். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர் உருண்டு திரண்டு நிற்பது இதனால்தான்.

அதே தண்ணீரைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் வைத்தால் கதை மாறுகிறது. கண்ணாடிச் சுவர் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது. சுவரை ஒட்டிய விளிம்பு சற்று மேலே ஏற, நடுப்பகுதி குழிகிறது. குழிந்த பரப்பு சுருங்கப் பார்க்கும்போது நடுவில் உள்ள தண்ணீரையும் மேலே தூக்குகிறது. விளிம்பு மறுபடி ஏறுகிறது, நடு மறுபடி தொடர்கிறது. தூக்கிய தண்ணீரின் எடை அந்த இழுப்புக்குச் சமமாகும்போது ஏற்றம் நிற்கிறது. நுண்புழை ஏற்றம் என்பது இவ்வளவுதான்.

இழுப்பு நடப்பது விளிம்பில். குழாயின் விட்டம் பாதியானால் விளிம்பின் நீளமும் பாதியாகும். ஆனால் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்திலும் தூக்க வேண்டிய தண்ணீர் கால் பங்காகிவிடும். எனவே பாதி விட்டத்தில் இரு மடங்கு உயரம். 1718-ல் இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் ஜூரின் எழுதிவைத்த விதி இது. தண்ணீர் நன்றாக ஒட்டும் குழாய்க்கு ஒரு எளிய கணக்கு உண்டு: 30-ஐக் குழாயின் விட்டத்தால் வகுங்கள், இரண்டும் மில்லிமீட்டரில். விட்டம் 1 மி.மீ. என்றால் தண்ணீர் ஏறுவது 30 மி.மீ., அதாவது 3 செ.மீ. விட்டம் 0.1 மி.மீ. என்றால் 30 செ.மீ.

டிஷ்யூ பேப்பரில் ஒரு சோதனை

துணியிலும் டிஷ்யூ பேப்பரிலும் குழாய் எங்கே இருக்கிறது? இழைகளுக்கு இடையில் இருக்கும் இடைவெளிகள்தான் குழாய்கள். பஞ்சும் காகிதமும் செல்லுலோஸால் ஆனவை. செல்லுலோஸ் தண்ணீரை விரும்பி இழுக்கும் பொருள்.

டிஷ்யூவை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, பேனாவால் சென்டிமீட்டர் கோடுகள் போட்டு, நுனி மட்டும் தண்ணீரில் படும்படி தொங்கவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். முதலில் விறுவிறுவென்று ஏறும், பிறகு தயங்கும். ஒரு நிமிடத்தில் 4 செ.மீ. ஏறியது என்று வைத்துக்கொள்வோம். 8 செ.மீ.யை எட்ட இரண்டு நிமிடம் போதாது, நான்கு நிமிடமாவது ஆகும். மேலே இழுக்கும் விசை மாறுவதில்லை. ஆனால் தண்ணீர் கடந்து வர வேண்டிய நனைந்த பாதை நீண்டுகொண்டே போகிறது, அதன் தடையும் கூடிக்கொண்டே போகிறது. 1918-ல் லூகாஸும் 1921-ல் வாஷ்பர்னும் இதைக் கணக்காக வகுத்தார்கள். திரி வைக்கும்போது நீளத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இனி என் புதுத் துண்டுக்கு வருவோம். பஞ்சுச் செடியிலிருந்து பறித்த பஞ்சின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கும். அதைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மருந்துக்கடையில் வாங்கும் பஞ்சு உடனே உறிஞ்சுவது, காரத்தில் வேகவைத்து அந்த மெழுகை நீக்கியிருப்பதால்தான். புதுத் துணிகளில் பளபளப்புக்காகவும் மென்மைக்காகவும் போட்ட பூச்சு ஒட்டியிருக்கும். புதுத் துண்டால் தலை துவட்டினால் ஈரம் போகாமல் வழுக்குவது எல்லோரும் கண்டதுதான். பூச்சுள்ள இழை தண்ணீரை இழுக்காது. விளிம்பு மேலே ஏறாவிட்டால் தூக்குவதற்கு ஒன்றுமே இல்லை. பல முறை துவைத்த வேட்டியில் அந்தப் பூச்சு மிச்சமில்லை.

வாளி எங்கே இருக்க வேண்டும்?

சரியான துணி கிடைத்தாலும் தவறு நேர இன்னும் இடம் உண்டு. வாளியை உயரமான ஸ்டூலில் வைத்துத் தொட்டியைத் தரையில் வைத்தால், நனைந்த திரி வழியே தண்ணீர் தானாகக் கீழே இறங்கத் தொடங்கும். செடிக்குத் தேவையா இல்லையா என்று பாராமல் ஒழுகி, தொட்டி சேறாகி, வாளி காலியாகிவிடும்.

வாளியின் நீர்மட்டம் தொட்டி மண்ணைவிடக் கீழே இருந்தால் நடப்பது வேறு. தண்ணீர் மேலே ஏறி மண்ணைத் தொடும். மண் ஈரமாக இருக்கும்வரை சும்மா நிற்கும். மண் காயக் காயத்தான் அடுத்த தண்ணீர் நகரும். நுண்புழை தண்ணீரைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், தானாக வெளியே கொட்டாது. 3 செ.மீ. ஏற வேண்டிய கண்ணாடிக் குழாயை 2 செ.மீ.யில் வெட்டினால் மேலே ஊற்றெடுக்கும் என்று தோன்றும். அப்படி நடக்காது. தண்ணீர் வாய் வரை வந்து, குழிவு குறைந்து, அங்கேயே நின்றுவிடும். ஓட்டம் வேண்டுமென்றால் மேல்முனையில் தண்ணீரை எடுக்க ஒருவர் வேண்டும். அகல் விளக்கில் அந்த வேலையைச் சுடர் செய்கிறது. ஏற்றாத விளக்கில் திரி நனைந்து நிற்குமே தவிர எண்ணெய் குறையாது. தொட்டியில் அந்த வேலையை வெயிலும் வேரும் செய்கின்றன.

ஏற்றம் ஒரு சாண் அளவுக்குள் இருப்பது நல்லது. நெடிய வாளியில் தண்ணீர் குறையக் குறைய மட்டம் இறங்கி, திரி ஏற வேண்டிய உயரம் கூடிவிடும். அகன்ற அன்னக்கூடை என்றால் மட்டம் மெதுவாகவே இறங்கும்.

மண்ணும் ஒரு திரிதான். பருமணலில் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகள் பெரியவை, அதில் தண்ணீர் சில சென்டிமீட்டருக்கு மேல் ஏறாது. களிமண்ணின் சந்துகள் மிகச் சிறியவை. கணக்குப்படி பல மீட்டர் ஏற வேண்டும், ஆனால் அவ்வளவு நுண்ணிய வழியில் தடை மிக அதிகம் என்பதால் ஏற்றம் ஆமை வேகத்தில் நடக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள வண்டல் கலந்த மண்தான் போதிய உயரத்துக்குப் போதிய வேகத்தில் தண்ணீரைக் கொடுக்கும். எந்த மண்ணானாலும் முற்றிலும் காய்ந்துபோனால் சந்துகளில் காற்று புகுந்து பாதை அறுந்துவிடும். அதனால் திரி வைப்பதற்கு முன் தொட்டிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி அடியில் வடியவிட வேண்டும், திரியையும் நனைத்தே புதைக்க வேண்டும்.

நீர் பாய்ச்சிய பின் மேல்மண்ணைக் களைக்கொட்டால் கொத்திவிடும் வழக்கம் இதே அறிவைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது. கீழிருந்து ஏறிவரும் நுண்ணிய வழிகள் அறுபட, பொலபொலவென்ற மேல்மண் ஒரு போர்வையாகிறது. அடி ஈரம் வெயிலுக்குப் போவது குறைகிறது. நிலத்தடி நீர் உப்பாகவும் மேலாகவும் உள்ள வயல்களில், ஏறிவந்த தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்குவதால்தான் வெள்ளை பூக்கிறது.

தண்டுக்குள் என்ன நடக்கிறது?

வேர் எடுத்த தண்ணீர் சைலம் என்னும் நுண்குழாய்கள் வழியாக மேலே போகிறது. ஒரு குழாயின் விட்டம் 0.05 மி.மீ. என்று கொள்வோம். நம் கணக்கில் 30-ஐ 0.05-ஆல் வகுத்தால் 600 மி.மீ., வெறும் 60 செ.மீ. கத்தரிச் செடிக்கு இது போதும். 20 மீட்டர் உயர மரத்துக்குப் பாதித் தூரம்கூட எட்டாது. தண்டின் குழாயே தண்ணீரை உச்சிக்குத் தூக்குகிறது என்று பலரும் நினைப்பது இங்கே உடைகிறது.

தூக்கும் இடம் இலை. இலைக்குள் இருக்கும் செல் சுவர்கள் செல்லுலோஸ் இழைகள் பின்னிய வலை, நம் டிஷ்யூவைப் போல. ஆனால் அதன் கண்கள் ஒரு மில்லிமீட்டரில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுண்ணியவை. தண்ணீரின் குழிந்த மேற்பரப்பு இருப்பது அங்கேதான். அவ்வளவு சிறிய வாய், கணக்குப்படி 3 கி.மீ. உயர நீர்த்தூணைத் தாங்கும். கீழே குழாய் அகலமாக இருப்பது பொருட்டல்ல. தாங்குவது மேலே உள்ள வாய்தான். வெயிலில் இலைத்துளைகள் வழியே நீராவி வெளியேற வெளியேற, அந்தப் பரப்பு மேலும் குழிந்து இழுக்கிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால் இழுப்பு வேர்வரை சங்கிலியாகப் போகிறது. 1894-ல் டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இது.

இழுத்துப் பிடித்த சங்கிலி என்பதால் இதற்கு ஒரு பலவீனமும் உண்டு. பூத்தண்டை வெட்டிய கணத்தில் தண்ணீர் உள்ளே பின்வாங்கி, வெட்டுவாயில் காற்று புகுகிறது. அந்தக் காற்றுக்குமிழி பாதையை அடைக்கும். குவளையில் வைக்கும் முன் தண்டின் அடியைத் தண்ணீருக்குள் வைத்து இன்னொரு முறை வெட்டினால் குமிழி நீங்கிப் பூ அதிக நாள் நிற்கும். நீல மை கலந்த தண்ணீரில் இரண்டு வெள்ளைச் சாமந்திக் கிளைகளை வைத்து, ஒன்றை மட்டும் பாலித்தீன் பையால் மூடிப் பாருங்கள். மூடாத பூ முதலில் நீலமாகும். பைக்குள் ஈரம் தேங்கி ஆவியாவது குறைவதால் அதில் ஏற்றமும் மெதுவாகும்.

என் கத்தரிச் செடிக்கும் இதுதான் நேர்ந்தது. இலை இழுத்துக்கொண்டே இருந்தது, மண் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தது, திரி மட்டும் கை கொடுக்கவில்லை.

நீங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் திரித்துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே போனால் அது திரிக்கு ஆகும். முத்தாக நின்றால் அந்தத் துணியைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக அலசி, மறுபடி சோதியுங்கள். பிறகு ஒரு நாள் முன்னதாகவே திரியைப் புதைத்து, அன்னக்கூடையின் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தால் நம்பிப் புறப்படலாம்.