கோடையில் லண்டன் காட்டுவது ஜிஎம்டி அல்ல

ஜூலை மாதம். லண்டனிலிருந்து ஒருவர் "கூட்டம் பிற்பகல் 3 மணி ஜிஎம்டி" என்று எழுதுகிறார். சென்னையில் இருப்பவர் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி, இரவு எட்டரைக்குக் கணினி முன் உட்காருகிறார். கூட்டம் ஏழரைக்கே தொடங்கி முடிந்துபோயிருக்கிறது. சென்னைக்காரரின் கணக்கு சரிதான். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். லண்டன்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பழக்கத்தில் ஜிஎம்டி என்று எழுதிவிட்டார்.

ஜிஎம்டி என்பது கிரீன்விச் வானாய்வகத்தின் வழியே செல்லும் தீர்க்கரேகையில் சூரியனை வைத்துக் கணக்கிட்ட சராசரி நேரம். அதாவது, பூமியின் சுழற்சியே அதன் கடிகாரம். யூடிசிக்கு அணுக் கடிகாரங்கள் ஆதாரம். பல நாடுகளில் ஓடும் நூற்றுக்கணக்கான அணுக் கடிகாரங்களின் கணக்கைப் பாரிஸுக்கு அருகிலுள்ள சர்வதேச அளவைகள் நிறுவனம் ஒன்றுசேர்க்கிறது.

பூமி அணுவைப் போல ஒரே சீராகச் சுற்றுவதில்லை. இரண்டும் விலகும்போது, இடைவெளி 0.9 விநாடியைத் தாண்டாதபடி யூடிசியில் ஒரு விநாடியைச் சேர்ப்பார்கள். 1972 முதல் இப்படி 27 முறை சேர்த்தாயிற்று. கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 நள்ளிரவில். இந்தியாவில் அப்போது 2017 ஜனவரி 1 விடியற்காலை ஐந்தரை.

ஆக, வித்தியாசம் ஒரு விநாடிக்கும் குறைவு. அது யாருக்கு உறைக்கும்? பூமத்தியரேகையில் பூமி ஒரு விநாடியில் சுமார் 465 மீட்டர் நகர்கிறது. நட்சத்திரத்தை அளந்து இடம் கணிக்கும் மாலுமிக்கு 0.9 விநாடிப் பிழை ஏறக்குறைய 400 மீட்டர். அவர் கையிலிருக்கும் செக்ஸ்டன்டின் பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால் அவர்கூடப் பெரும்பாலும் கவலைப்படுவதில்லை. தொலைநோக்கியை ஒரு புள்ளியில் துல்லியமாக நிறுத்தும் வானியலாளர் கவலைப்பட்டே ஆக வேண்டும்.

மற்ற நமக்கெல்லாம் ஆபத்து அந்த ஒரு மணி நேரத்தில்தான். சர்வரை ஜிஎம்டியில் வைப்பதாக நினைத்து `Europe/London` என்று தேர்ந்தெடுத்தால் குளிர்காலம் முழுவதும் எல்லாம் சரியாகவே தெரியும். சோதித்துப் பார்த்தாலும் பிழை அகப்படாது. கோடையில் பதிவுகள் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அக்டோபரில் கடிகாரத்தைப் பின்வைக்கும் இரவில் 1:30 மணி இரண்டு முறை வரும். 1:40க்குப் பணம் கட்டியவர் 1:20க்கு அதைத் திரும்பப் பெற்றதாகப் பதிவு சொல்லும்.

சர்வரில் `UTC` என்றே வையுங்கள். அழைப்பிதழில் ஜிஎம்டி என்று கண்டால், குறிப்பாகக் கோடையில், லண்டனில் அப்போது கடிகாரம் எத்தனை மணி காட்டும் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.