ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் 508 ரூபாய்க்கு எப்படி?

மத்திய அரசு தன் குறுகிய காலத் தேவைக்காக 91, 182, 364 நாள் கருவூல உண்டியல்களை ரிசர்வ் வங்கி மூலம் ஏலம் விடுகிறது. சந்தையில் இவற்றுக்கு டி-பில் என்று பெயர். வட்டி என்று தனியாக ஒரு பைசாகூட இவற்றில் வராது. 100 ரூபாய் முகமதிப்புள்ள 91 நாள் பில் ஒன்று 98 ரூபாய் 40 காசுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெடு முடிந்ததும் 100 ரூபாய் கைக்கு வரும். இடையிலுள்ள 1 ரூபாய் 60 காசுதான் வட்டி. ஆண்டுக் கணக்கில் அது சுமார் 6.5 சதவீதம்.

இப்படி இடையில் வட்டி தராத கடன் பத்திரங்களையே ஜீரோ கூப்பன் பத்திரம் என்கிறார்கள். முகமதிப்புக்கே விற்றால் கடன் கொடுத்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வட்டியை விலையிலேயே கழித்துவிடுகிறார்கள். கெடு நீள நீள அந்தக் கழிவும் பெரிதாகும்.

பத்து ஆண்டு கழித்து 1,000 ரூபாய் தரும் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். சந்தையில் ஆண்டு வட்டி 7 சதவீதம். இன்று போடும் ஒரு ரூபாய் ஆண்டுதோறும் 1.07 மடங்காகப் பெருகி, பத்தாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 1.967 ரூபாயாகும். 1,000-ஐ இந்த எண்ணால் வகுத்தால் 508 ரூபாய் 35 காசு. அதுவே இன்றைய நியாயமான விலை. வட்டி வெளியே வராமல் உள்ளேயே குட்டி போடுவதால், முதல் ஆண்டில் மதிப்பு சுமார் 36 ரூபாய்தான் கூடும். கடைசி ஆண்டில் 65 ரூபாய் கூடும்.

இதில் ஒரு வசதி உண்டு. சாதாரணப் பத்திரத்தில் வருகிற வட்டியை மறுபடி எந்த விகிதத்தில் முதலீடு செய்ய முடியும் என்று முன்கூட்டித் தெரியாது. இங்கே அந்தக் கவலை இல்லை. கடைசிவரை வைத்திருந்தால், கிடைக்கும் விகிதம் வாங்கிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

நடுவில் விற்க நேர்ந்தால் கதை வேறு. வாங்கிய மறுநாளே சந்தை வட்டி 8 சதவீதமாக ஏறினால், அதே பத்திரத்தின் விலை 463 ரூபாயாக இறங்கும். ஏறக்குறைய 9 சதவீத நஷ்டம். 7 சதவீத வட்டியை ஆண்டுதோறும் தரும் பத்தாண்டுப் பத்திரமோ அதே சூழலில் 7 சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கும். அதன் பணத்தில் ஒரு பங்கு முன்னதாகவே கைக்கு வந்துவிடுகிறதல்லவா? மாறாக, சந்தை வட்டி 6 சதவீதமாக இறங்கினால் ஜீரோ கூப்பன் விலை 558 ரூபாயாக ஏறும்.

மொத்தப் பணமும் கடைசி நாளில்தான் வருகிறது என்பதால், பத்திரம் வெளியிட்டவர் யார் என்பதும் முக்கியம். தனியார் நிறுவனம் ஒன்று ஒன்பதாம் ஆண்டில் நொடித்துப் போனால், அதுவரை வட்டியாக வாங்கி வைத்துக்கொண்டது என்று சொல்ல எதுவும் இருக்காது. எனவே விலையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. வெளியிட்டவரின் தரமதிப்பீட்டைப் பார்க்க வேண்டும். பணம் தேவைப்படும் ஆண்டும் பத்திரம் முதிரும் ஆண்டும் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.