சிற்றாற்று நீரும் எரிசாராயமும்

குற்றாலத்தில் பேரருவியாக வீழ்ந்து தென்காசியைக் கடக்கும் சிற்றாறு, வழிநெடுக மலைப்பாறையை அணுவணுவாகக் கரைத்துச் செல்கிறது. மழைநீரில் கலந்த கரியமில வாயு பாறையின் பெல்ஸ்பாரைச் சிதைக்க, சோடியமும் கால்சியமும் நேர்மின் அயனிகளாக வெளிப்படுகின்றன; எதிர்மின் கொண்ட பைகார்பனேட்டு உடன்வருகிறது. ஒன்றையொன்று ஈர்க்கும் இவை மீண்டும் கூடாமல் தாமிரபரணியில் கலந்து மன்னார் வளைகுடாவரை செல்கின்றன.

ஈர்ப்பைத் தணிப்பது நீரின் மின்காப்பு மாறிலி. 25 பாகை செல்சியசில் அது 78, எரிசாராயமான எத்தனாலுக்கு 24. வெற்றிடத்தில் இரு மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள விசையை இந்த எண்ணால் வகுத்தால் அந்நீர்மத்தில் எஞ்சும் விசை கிடைக்கும். உப்பின் சோடியமும் குளோரைடும் ஒட்டி நிற்கையில் நடுத்தொலைவு ஏறத்தாழ 0.28 நானோமீட்டர். அவற்றைப் பிரிக்கும் ஆற்றலை மூலக்கூறுகளின் வெப்ப ஆட்டத்தோடு ஒப்பிட்டால், வெற்றிடத்தில் அது 200 மடங்கு. எத்தனாலில் 8 மடங்கு. நீரில் இரண்டரை மடங்கே. இரண்டரையை வெப்ப ஆட்டம் எளிதில் வெல்லும். எட்டை வெல்வது அரிது. ஆகவே எத்தனாலில் அயனிகளுள் ஒரு பங்கு இணை இணையாய்ச் சேர்ந்துவிடுகிறது. இணைந்தவை மின்னோட்டத்தைச் சுமவாமையால், கரைசலின் கடத்துதிறன் குறைவதைக் கொண்டே இதைக் கண்டறியலாம்.

இந்த மூன்று மடங்கு வேறுபாடு எங்கிருந்து வந்தது? நீர் மூலக்கூறு மின்முனை மிக்கது, எத்தனால் அப்படியன்று என்றே பலரும் எண்ணுவர். அளந்து பார்த்தால் அவ்வாறில்லை. தனித்த நீர் மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் 1.85 டிபை, எத்தனாலினது 1.69. வேறுபாடு பெரிதும் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் 55 மோல் மூலக்கூறுகள் அடங்குகின்றன. எத்தனாலில் 17 மோலே. எத்தனால் மூலக்கூறின் பெரும்பகுதி, மின்விசைக்கு அவ்வளவாக அசையாத கார்பன் வாலாய் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இரண்டிலும் ஹைட்ரசன் பிணைப்புகள் அண்டை மூலக்கூறுகளை ஒரே திசைப்படுத்தி உதவுகின்றன. ஆனால் அயனியைச் சூழ்ந்து திரும்பி அதன் புலத்தை மறைக்கும் முனைகள் நீரில் மும்மடங்கு நெருக்கமாய் நிற்கின்றன.

செறிந்த உப்புநீரில் எத்தனாலை ஊற்றினால் வெண்துகள்கள் படிவதைக் காணலாம். எனினும் கரைதிறன் முழுவதையும் இந்த ஒற்றை எண்ணில் ஏற்றுதல் தகாது. பார்மமைடின் மாறிலி 100-ஐ மிஞ்சும். ஆயினும் அது சோற்று உப்பை நீரைவிடக் குறைவாகவே கரைக்கிறது. அயனியைத் தொட்டு நிற்கும் முதல் அடுக்கு மூலக்கூறுகளின் பற்றுக்கு மாறிலி கணக்குச் சொல்லாது.

மின்னூட்டம் இரட்டித்தால் நீரும் திணறும். கால்சியமும் சல்பேட்டும் ஒரே தொலைவில் நான்கு மடங்கு விசையோடு ஈர்க்கும். நீரிலேயே அவற்றுள் ஒரு பங்கு இணைந்து கிடக்கும். தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீர் சுண்டுகையில் சோற்றுப்புக்கு முன்பே ஜிப்சம் படிவதற்கு இவ்வலிய ஈர்ப்பும் ஒரு காரணம்.