பயத்துக்கும் ஒரு விலை உண்டு

உலகச் சந்தைகள் ஆட்டம் காணும்போதெல்லாம் செய்திகளில் ஒரு சொல் தவறாமல் வந்துவிடும். "பயச் சுட்டெண் முப்பதைத் தாண்டியது", "பயச் சுட்டெண் நாற்பதைத் தொட்டது" என்பார்கள். வெளிநாடுகளில் தொழில் செய்து, சேமிப்பில் ஒரு பகுதியை அமெரிக்கப் பங்குகளில் போட்டு வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இதைக் கேட்டுப் பதறுகிறார்கள். வேறு சிலரோ, "முப்பதைத் தாண்டினால் வாங்கு, பதினைந்துக்குக் கீழே வந்தால் நிம்மதியாக இரு" என்று ஒரு வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் அந்த எண் சொல்லாத ஒன்றை அது சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இதன் சரியான பெயர் தளம்பல் சுட்டெண். திரையில் VIX என்று காட்டுவார்கள், பேச்சில் விக்ஸ். சிக்காகோ நகரிலுள்ள ஒப்ஷன் சந்தை இதனை 1993இல் வெளியிடத் தொடங்கியது. கணக்கு முறையை வகுத்துக் கொடுத்தவர் ரொபர்ட் வேலி என்ற பேராசிரியர். 2003இல் அந்த முறை மாற்றப்பட்டு, அமெரிக்காவின் 500 பெரிய கம்பனிகளின் பங்குகளைக் கொண்ட எஸ் அன்ட் பி 500 சுட்டெண்ணை அடிப்படையாகக் கொண்டு இன்று வரை கணிக்கப்படுகிறது.

பெயரைக் கேட்டால், யாரோ முதலீட்டாளர்களிடம் "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டு எடுத்த கணக்குப் போலத் தோன்றும். அப்படியல்ல. இது ஒரு விலை. எதன் விலை என்பதை வியாபாரிகளுக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தால் சொல்கிறேன்.

2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. அதன்பின் லண்டன் காப்புறுதியாளர்கள் இலங்கைக்கு வரும் கப்பல்களுக்கு யுத்த ஆபத்துக் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தினார்கள். இறக்குமதி செய்தவர்களுக்கு அந்தச் சுமை நன்றாக நினைவிருக்கும். அந்தக் கட்டணம் ஏறியதால் கப்பலுக்கு ஏதாவது நடக்கப் போகிறது என்று அர்த்தமா? இல்லை. காப்பைக் கொடுப்பவர் அந்த நேரத்தில் அதற்கு எவ்வளவு கேட்டார் என்பது மட்டுமே அதன் அர்த்தம். நாளைக்கு என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

விக்ஸும் இதே வகைதான். பெரிய நிதி நிறுவனங்கள் தம்மிடமுள்ள பங்குகள் விழுந்தால் நட்டத்தை ஈடுசெய்ய ஒப்ஷன் என்னும் ஒப்பந்தங்களை வாங்குகின்றன. ஒரு குறித்த விலைக்கு, ஒரு குறித்த திகதிக்குள் விற்கும் உரிமையை அது தருகிறது. அதற்காகச் செலுத்தும் கட்டணம் காப்புறுதிக் கட்டணம் போன்றது. பயம் கூடினால் எல்லோரும் ஒரே நேரத்தில் காப்புத் தேடுவார்கள், கட்டணம் ஏறும். அடுத்த முப்பது நாட்களுக்கான இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றின் விலைகளைச் சேர்த்துப் பிழிந்தெடுத்த ஒரே எண்தான் விக்ஸ். வாங்கும் உரிமையின் விலைகளும் இந்தக் கணக்கில் சேர்வதால், ஏற்றம் இறக்கம் இரண்டுக்குமான ஆட்டத்தை அது அளக்கிறது. ஒப்ஷன் வியாபாரம் கூடுமா கூடாதா என்பது உலமாக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. இங்கே நான் சொல்வது அந்த விலையைப் படித்துப் புரிந்துகொள்வதைப் பற்றி மட்டுமே.

எண்ணைப் படிப்பது கஷ்டமில்லை. அது வருடக் கணக்கில் சொல்லப்படும் ஒரு வீதம். அதை 16ஆல் பிரித்தால், சந்தை ஒரு நாளைக்கு எத்தனை வீதம் ஆடும் என்று காப்புச் சந்தை கருதுகிறது என்பது ஏறத்தாழக் கிடைக்கும். வருடத்தில் சந்தை திறக்கும் நாட்கள் சுமார் 252. அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 16. கணக்கு இவ்வளவுதான். விக்ஸ் 16 என்றால் நாளுக்கு ஒரு வீதம், 32 என்றால் இரண்டு வீதம். மூன்று நாட்களில் இரண்டு நாட்கள் இந்த எல்லைக்குள் நிற்கும், மூன்றாவது நாள் தாண்டவும் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகுமா கீழே போகுமா என்ற பேச்சே இந்தக் கணக்கில் இல்லை.

கொரோனா காலத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். 2020 மார்ச் 16ஆம் திகதி எஸ் அன்ட் பி 500 ஒரே நாளில் கிட்டத்தட்ட 12 வீதம் விழுந்தது. விக்ஸ் 82.69இல் முடிந்தது. அதுவரை பதிவான நாள் முடிவுகளில் அதுவே மிக உயர்ந்தது. பதினாறால் பிரியுங்கள்: நாளுக்கு ஐந்து வீதத்துக்குச் சற்று மேல். அடுத்து நடந்தது என்ன? மறுநாள் சந்தை 6 வீதம் ஏறியது. அதற்கு அடுத்த நாள் 5 வீதம் இறங்கியது. பின்னர் அரை வீத ஏற்றம், 4 வீதத்துக்கு மேலான இறக்கம், 3 வீத இறக்கம். மார்ச் 24இல் 9 வீதத்துக்கு மேலான ஏற்றம். ஆட்டத்தின் அளவை அந்த எண் நன்றாகத்தான் சொல்லியிருந்தது. ஆனால் எந்த நாள் ஏறும், எந்த நாள் இறங்கும் என்பதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இனி அந்த "முப்பதைத் தாண்டினால் வாங்கு" என்ற வாய்ப்பாட்டுக்கு வருவோம். டொரொண்டோவில் இருக்கும் என் மருமகன் ஒரு முறை தொலைபேசியில், "மாமா, எல்லாரும் பயப்படும்போது வாங்குவதுதானே கெட்டித்தனம்?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பயத்தின் உச்சத்தில் வாங்கியவர்கள் பிற்பாடு இலாபம் கண்டதுண்டு. ஆனால் உச்சம் எது என்பதை அந்த நாளில் யாரால் சொல்ல முடியும்?

2008 செப்டெம்பர் 15ஆம் திகதி லீமன் பிரதர்ஸ் என்ற பெரும் முதலீட்டு வங்கி வங்குரோத்தானது. அன்று விக்ஸ் 31.70. வாய்ப்பாட்டின்படி அது வாங்க வேண்டிய நாள். எஸ் அன்ட் பி 500 அன்று 1,192இல் இருந்தது. ஒருவர் அந்த விலையில் 10,000 டொலரைப் போட்டார் என்று வைப்போம். பயம் அங்கே நிற்கவில்லை. நவம்பர் 20ஆம் திகதி விக்ஸ் 80.86இல் முடிந்தது, பங்குச் சுட்டெண் 752க்கு வந்துவிட்டது. போட்ட 10,000 டொலர், பங்கிலாபத்தைச் சேர்க்காமல், சுமார் 6,300 டொலராகிவிட்டது.

இதற்குப் பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. நவம்பருக்குப் பின் விக்ஸ் இறங்கத் தொடங்கியது. பயம் தணிகிறது, இனி நல்ல காலம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பங்கு விலை தன் அடிமட்டத்தை அடைந்தது 2009 மார்ச் 9ஆம் திகதியில்தான். சுட்டெண் அன்று 676. நம் முதலீட்டாளரின் கையில் சுமார் 5,670 டொலர். அன்று விக்ஸ் 50க்கும் சற்றுக் கீழே! ஆக, பயத்தின் உச்சம் ஒரு மாதத்தில், விலையின் அடிமட்டம் வேறொரு மாதத்தில். இடையே கிட்டத்தட்ட நான்கு மாதங்கள். 2020இல் இதே இடைவெளி ஒரே ஒரு வாரம்தான். இந்த இடைவெளிக்கு ஒரு கணக்கும் கிடையாது.

பொறுத்திருந்தவர் நட்டப்பட்டாரா? இல்லை. செப்டெம்பர் 15இல் வாங்கியவரின் விலை 2010 ஏப்ரலில் திரும்பி வந்தது. நவம்பர் 20இல் வாங்கியவர் ஒரு வருடத்தில் 45 வீதம் கண்டார். ஆனால் அந்த இலாபம், இடையில் பணம் தேவைப்படாதவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. வேலை போய், பிள்ளையின் படிப்புக்காக 2009 மார்ச்சில் விற்க நேர்ந்தவருக்கு விக்ஸ் எந்த உதவியும் செய்யவில்லை.

குறைந்த எண்ணும் ஏமாற்றக்கூடியது. 2017 நவம்பர் 3ஆம் திகதி விக்ஸ் 9.14இல் முடிந்தது; நாள் முடிவுகளில் அதுதான் மிகத் தாழ்ந்தது. சந்தை அமைதியாக இருந்த அந்தக் காலத்தில், அமைதி நீடிக்கும் என்பதில் பந்தயம் கட்டும் முதலீட்டுப் பத்திரங்கள் பெருகின. திரையில் XIV என்று தெரிந்த, விக்ஸின் எழுத்துக்களைத் திருப்பிப் போட்டுப் பெயர் வைத்த ஒரு பத்திரமும் அவற்றில் ஒன்று. சாதாரண மக்களும் அதில் பணம் போட்டார்கள். 2018 பெப்ரவரி 5ஆம் திகதி எஸ் அன்ட் பி 500 சுமார் 4 வீதம் இறங்கியது. விக்ஸோ 17இலிருந்து 37க்குத் தாவியது. அந்தப் பத்திரத்தின் பெறுமதியில் 96 வீதம் ஒரே நாளில் போய்விட்டது. அதே மாதத்தில் அது நிறுத்தப்பட்டது. எண் குறைவாக இருக்கிறது என்றால் காப்பு மலிவாக விற்கிறது என்பதுதான் பொருள். ஆபத்து இல்லை என்பது அதன் பொருளல்ல.

நமது கொழும்புச் சந்தைக்கு இப்படியொரு சுட்டெண் கிடையாது. அதைக் கணிக்க, நாள்தோறும் பெருமளவில் கைமாறும் ஒப்ஷன் சந்தை வேண்டும். விக்ஸ் ஏறும் நாட்களில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சிறிய சந்தைகளிலிருந்து பணத்தை மீட்க முனைவதால் அதன் காற்று இங்கும் வீசலாம், அவ்வளவுதான். நமக்குள்ள பெரிய ஆபத்தை அந்த எண் அளப்பதும் இல்லை. அது விற்க முடியாமல் போகும் ஆபத்து. 2020 மார்ச்சில் மூடப்பட்ட கொழும்புப் பங்குச் சந்தை மே 11ஆம் திகதிதான் மீண்டும் திறந்தது. அந்த நாட்களில் அமெரிக்கர் நட்டத்துக்காவது விற்கலாம். இங்கே பங்கு வைத்திருந்தவருக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் சாதாரண முதலீட்டாளருக்கு விக்ஸினால் என்ன பயன்? ஒரு பயன் உண்டு. எண்ணை மூன்றரையால் பிரித்தால் ஒரு மாதத்துக்கான ஆட்டம் கிடைக்கும். விக்ஸ் 32 என்றால் மாதத்துக்கு சுமார் 9 வீதம். அமெரிக்கப் பங்குகளில் 10,000 டொலர் வைத்திருப்பவருக்கு அது 900 டொலர். அதற்கு மேலும் போகலாம். அந்த 900 டொலர் குறைந்தால் வீட்டு வாடகைக்கோ மகளின் கல்யாணத்துக்கோ இடைஞ்சல் வருமா என்று பாருங்கள். வரும் என்றால், விக்ஸ் 32ஆக இருந்தாலும் 12ஆக இருந்தாலும் நீங்கள் தேவைக்கு மேல் போட்டிருக்கிறீர்கள். அதைக் குறைக்கச் சரியான நேரம், எண் தாழ்ந்து யாரும் பயப்படாமல் இருக்கும் நாட்கள்தான். வராது என்றால், எண் எண்பதைத் தொட்டாலும் விற்பதற்கு அது காரணமாகாது.