94 சதவீதம் என்றால் எத்தனை பிள்ளைகள்?

பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் அறிக்கை வாசிக்கும்போது, பின்னால் திரையில் ஸ்லைடுகள் ஓடும். விழா முடிந்ததும் அந்தக் கோப்பு ஓர் ஆசிரியரின் கைக்கு வரும். "இதையே செய்திமடலா போட்டுடுங்க சார், எல்லா வீட்டுக்கும் போகட்டும்" என்பார்கள். அவரும் ஸ்லைடில் உள்ள வரிகளை அப்படியே எடுத்து ஒட்டுவார். அச்சாகி வந்த தாளைப் பார்க்கும் பெற்றோர், தம் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று தேடிவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள்.

குறை பெற்றோரிடம் இல்லை. ஸ்லைடு என்பது பேசுகிறவருக்கான குறிப்பு. விளக்கத்தை அவர் வாயால் சொல்லிவிடுகிறார். தாளில் அவர் இல்லை. அவர் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் கேட்டு எழுதுவதுதான் செய்திமடல் வேலை.

ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியின் ஸ்லைடு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 94%. கடந்த முறையை விட 4% உயர்வு." முதலில் கேட்க வேண்டியது, இது எந்த ஆண்டின் கணக்கு? ஆண்டு விழா பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கிறது. பொதுத்தேர்வு முடிவோ மே மாதத்தில்தான் வரும். ஆகவே திரையில் இருப்பது இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் சாதனை அல்ல, சென்ற ஆண்டு எழுதிய பிள்ளைகளின் சாதனை. தாளில் "இந்த ஆண்டு" என்று போட்டால் அது தவறான செய்தி.

அடுத்து, எத்தனை பேரில் எத்தனை பேர்? பதிவேட்டைப் புரட்டினால் 50 பேரில் 47 பேர் தேர்ச்சி. அதற்கு முந்தைய ஆண்டு 40 பேரில் 36 பேர், அதாவது 90 சதவீதம். தேறாதவர்கள் நான்கிலிருந்து மூன்றாகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிறிய வகுப்பில் ஒரு பிள்ளை தேறினாலும் தவறினாலும் சதவீதம் இரண்டு புள்ளி ஆடும். ஆனால் ஸ்லைடு சொல்லாத பெரிய செய்தி ஒன்று இங்கே இருக்கிறது: தேர்வெழுதியவர்கள் பத்துப் பேர் கூடியிருக்கிறார்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இடைநின்றவர்களை வீடு தேடிப்போய் அழைத்துவந்தார்களா? என்னைக் கேட்டால், எழுத வேண்டிய சாதனை அதுதான்.

தேறாத மூவரை மறைக்கவும் வேண்டாம், அடையாளம் காட்டவும் வேண்டாம். சின்ன ஊரில் "கணக்கில் தவறிய மூவர்" என்றாலே யார் யார் என்று தெரிந்துவிடும். துணைத் தேர்வில் எத்தனை பேர் தேறி, பதினொன்றில் சேர்ந்தார்கள் என்று விசாரித்து அதை எழுதலாம்.

நாற்பது ஸ்லைடில் எதை முதல் பக்கத்தில் வைப்பது? மற்ற வீடுகளுக்கும் பயன்படுகிற ஒன்றை வைக்க வேண்டும். "என்.எம்.எம்.எஸ்: 6 பேர் தேர்வு" என்று ஒரு ஸ்லைடு இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். எட்டாம் வகுப்பில் எழுதும் படிப்புதவித் தொகைத் தேர்வு அது. தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது.

பயிற்சி கொடுத்த ஆசிரியையிடம் போய், "டீச்சர், இந்த ஆறு பேரை எப்படித் தயார் பண்ணீங்க?" என்று கேட்க வேண்டும். "பிள்ளைங்களுக்கு விடை தெரியுது சார், நேரம்தான் பத்தலை. 90 நிமிஷத்துல 90 கேள்வி. அதான் கடிகாரத்தை வச்சே பழக்கினேன்" என்பது போல ஒரு பதில் வந்தால், அதுதான் கட்டுரையின் உயிர். அப்போது முதல் பத்தி இப்படி அமையும்:

"நம் பள்ளியின் ஆறு பிள்ளைகள் படிப்புதவித் தொகைத் தேர்வில் தேறியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொருவருக்கும் 48,000 ரூபாய் கிடைக்கும். ஒரு நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்ற வேகத்துக்குக் காலை வகுப்பில் இவர்கள் பழகினார்கள். உங்கள் பிள்ளை இப்போது ஏழாம் வகுப்பா? வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள்."

விளையாட்டுப் பரிசு, கலைத்திருவிழா வெற்றி எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்தில் பெயர், வகுப்பு, போட்டி நடந்த நிலை மூன்றையும் சேர்த்துப் பட்டியலாகப் போடலாம். வட்டாரப் பரிசு மாவட்டப் பரிசாக அச்சானால் பரிசு வாங்கிய பிள்ளைக்குத்தான் சங்கடம். படம் போடப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். ஸ்லைடில் ஒட்டிய படம் பெரும்பாலும் சுருங்கியிருக்கும். அச்சில் முகம் கலங்கிவிடும். எடுத்தவரிடம் மூலப் படத்தை வாட்ஸ்அப்பில் டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் வகுப்பாசிரியர்கள் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் தலைப்பெழுத்தோடு சரிபார்க்க வேண்டும். விழாவுக்கு அடுத்த வாரமே தாள் வீட்டுக்குப் போனால், ஏழாம் வகுப்புப் பெற்றோர் கோடை விடுமுறையிலேயே சான்றிதழ் வேலையை முடித்துவிடலாம்.